பேட்ச் நேரமும் ஃபீஸ் தேதியும் ஒரே சமயத்தில் மாறுகிறது: பெற்றோருக்கு எப்படி எழுதுவது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | ஞாயிறு, ஜூலை 5, காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு டியூஷன் சென்டர் நடத்துகிறேன். ஒரே அறை, 46 பிள்ளைகள், 37 குடும்பங்கள். கேரளா சிலபஸ்தான், பாதிப் பேர் தமிழ் மீடியம். கணக்கும் சயின்ஸும் நான் எடுக்கிறேன்.

2025 ஜூனில் ஹைஸ்கூல் நேரத்தை 9.45 முதல் 4.15 என்று மாற்றினார்கள் இல்லையா, அதிலிருந்தே என் 4.45 பேட்ச் தடுமாறுகிறது. பள்ளி விட்டு பஸ் பிடித்து வருவதற்குள் ஐந்து ஆகிவிடுகிறது. ஒரு வருஷம் முழுக்க முதல் கால் மணி நேரம் வீணாகப் போனது. இந்த வருஷம் மாற்றியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். அதோடு ஃபீஸ் தேதியையும் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர்ந்த தேதிதான் ஃபீஸ் தேதி. 3, 7, 12, 18, 27 என்று மாதம் முழுக்க யாரிடமாவது கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் போட்டது இது:

"மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வரும் 13 முதல் பேட்ச் நேரம் மாறுகிறது. 10ஆம் வகுப்பு 5.15 - 6.45. 9ஆம் வகுப்பு 6.45 - 7.45. 8ஆம் வகுப்பு சனிக்கிழமை மட்டும். ஆகஸ்ட் முதல் அனைவரும் 5ஆம் தேதிக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும். தவறினால் ரூ.50 அபராதம். ஒத்துழைப்புக்கு நன்றி."

நேற்று முழுக்க போன்தான். ஒன்பதாம் வகுப்பு பேட்சை நான் காலைக்கு மாற்றியிருக்கிறேன். ஆனால் பழைய நேரம் மாலை 6.15 என்பதால் இதையும் மாலை என்றே எடுத்துக்கொண்டு, "கடைசி பஸ் போய்விடும் டீச்சர், பொம்பளைப் பிள்ளையை எப்படி அனுப்புவது" என்று நான்கு வீட்டில் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஒரு அம்மா வாசலுக்கே வந்தார். அவர் மகளுக்குத் தேதி 27. "27ஆம் தேதி 1,200 கட்டி, ஒன்பது நாள் கழித்து 5ஆம் தேதி இன்னொரு 1,200 கட்டணுமா?" என்று அழாத குறை. நான் அப்படி நினைக்கவே இல்லை. ஆனால் நான் எழுதியதைப் படித்தால் அப்படித்தான் வருகிறது.

பெற்றோரிடம் கெட்ட பெயர் வாங்க முடியாது. என்ன எழுதலாம், எப்படி எழுதலாம்? பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சித்தூர் பாலன் | காலை 7.48

டீச்சர், ரொம்ப யோசிக்காதீங்க. ஜூலைக்கு எல்லோரிடமும் பாதி மாச ஃபீஸ் வாங்கிடுங்க. ஆகஸ்டிலிருந்து முழுசு. யாருக்கும் கணக்கு சொல்ல வேண்டியதில்லை. என் மச்சான் கம்ப்யூட்டர் சென்டரில் அப்படித்தான் மாற்றினான்.

இன்னொன்று. 16 வயசுக்குக் கீழே டியூஷனே நடத்தக் கூடாதுன்னு 2024ல் சென்ட்ரல் கவர்மெண்ட் சட்டம் போட்டாச்சு. எழுத்தில் எதையும் கொடுக்காதீங்க, வாயால் சொல்லிடுங்க.

குப்பம் தமிழன் | காலை 8.15

பாலன் அண்ணா, நானும் சித்தூர் பக்கம்தான், குப்பத்தில் டியூஷன் நடத்துகிறேன். டீச்சருக்கு என் அனுபவம் சொல்கிறேன். நமக்கு மார்ச் நடுவில் ஒண்டிபூட ஸ்கூல் ஆரம்பித்துவிடும், பிள்ளைகள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதனால் நான் ஜூனிலேயே இரண்டு டைம்டேபிளும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன். ஒன்று மார்ச் வரை, ஒன்று அதற்கப்புறம். நீங்களும் அப்படிச் செய்தால் நடுவில் தொல்லை இருக்காது. தெலுங்கிலும் ஒரு காப்பி போடுங்கள், நிறைய அப்பாக்களுக்குத் தமிழ் படிக்க வராது.

சித்தூர் பாலன் | காலை 8.22

தம்பி, இது பாலக்காட்டு சித்தூர். ஆந்திரா சித்தூர் இல்லை. டீச்சரும் இந்தப் பக்கம்தான்.

குப்பம் தமிழன் | காலை 8.30

ஓ, சரி அண்ணா. ஊர்ப் பெயர் பார்த்து நினைத்துவிட்டேன். ஆனால் இரண்டு மொழி விஷயம் அங்கேயும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | காலை 8.41

இருக்கிறது தம்பி. வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் மலையாளம் மீடியத்தில் படித்தவர்கள், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அப்படி ஒரு பத்துக் குடும்பம் இருக்கும். நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள்.

ரகுபதி, பாலக்காடு | காலை 9.20

டீச்சர், நான் பாரலல் காலேஜில் இருபது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்தவன். அதில் பாதிக் காலம் ஃபீஸ் நோட்டும் என் கையில்தான் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், நேர மாற்றத்தையும் ஃபீஸ் தேதியையும் ஒரே செய்தியில் வைத்ததுதான் தப்பு. இரண்டுக்கும் பெற்றோர் மனதில் எழும் கேள்வி வேறு. நேரம் மாறினால் "பிள்ளை எப்படி வரும், எப்படிப் போகும்" என்று கேட்பார்கள். ஃபீஸ் தேதி மாறினால் "நான் எவ்வளவு கட்டணும்" என்று கேட்பார்கள். முதலாவது பேட்ச் முழுக்க ஒரே பதில், அதனால் குரூப்பில் போடலாம். இரண்டாவது வீட்டுக்கு வீடு வேறு. அதைப் பொதுச் செய்தியில் எழுதினால் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியபடி கணக்குப் போட்டுக்கொள்வார்கள். 27ஆம் தேதி அம்மா செய்தது அதுதான். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

பாலன் சொன்ன பாதி மாசம் வேண்டாம். 3ஆம் தேதிக்காரர் ஜூலை 3 அன்று கட்டியிருந்தால் அவருக்கு ஆகஸ்ட் 2 வரை ஏற்கனவே கணக்குத் தீர்ந்துவிட்டது. அவரிடம் பாதி கேட்டால் 600 ரூபாய் அநியாயமாக வாங்குகிறீர்கள். 12ஆம் தேதிக்காரருக்கு 20 நாள் பாக்கி வருகிறது. அவரிடம் பாதி வாங்கினால் உங்களுக்கு நஷ்டம். இரண்டு பேரும் கடைத்தெருவில் பார்த்துப் பேசிக்கொள்ளும் ஊர் நம்முடையது.

நோட்டில் ஒரு பக்கம் கோடு போடுங்கள். பெயர், எதுவரை கட்டியிருக்கிறார், ஜூலை 31 வரை எத்தனை நாள் பாக்கி, எவ்வளவு ரூபாய். "எப்போது கட்டினார்" என்று எழுதாதீர்கள், "எதுவரை" என்று எழுதுங்கள். எல்லாக் குழப்பமும் அந்த ஒரு இடத்தில்தான் வரும். பத்தாம் வகுப்பு ஃபீஸ் 1,200தானே? மாதத்தில் 30 நாளோ 31 நாளோ, எல்லோருக்கும் 30ஆல் வகுத்து ஒரு நாளைக்கு 40 என்று வையுங்கள். பெற்றோரே வாயால் கணக்குப் போட்டுச் சரிபார்க்கக்கூடிய எண்ணாக இருக்க வேண்டும்.

12ஆம் தேதிக்காரர்: ஜூலை 12 முதல் 31 வரை 20 நாள், 800 ரூபாய்.
18ஆம் தேதிக்காரர்: 14 நாள், 560.
27ஆம் தேதிக்காரர்: 5 நாள், 200.
3ஆம் தேதிக்காரர் ஜூலையில் கட்டிவிட்டார்: ஆகஸ்டில் 2 நாள் கழித்து 1,120.

அந்த அம்மா ஜூலை 27 அன்று 1,200 கட்டவே வேண்டாம். 200 மட்டும் கட்டினால் போதும், ஆகஸ்ட் ஃபீஸ் ஆகஸ்டில். இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். குரூப் செய்திக்குக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் அந்தச் சட்ட விஷயம். 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்டது வழிகாட்டு நெறிமுறை. மாநிலங்கள் எடுத்து நடைமுறைப்படுத்த வேண்டும் என்று அனுப்பியது. 16 வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அதில் கோச்சிங் என்று சொல்வதே 50 பேருக்கு மேல் படிக்கும் இடத்தை. டீச்சரிடம் 46 பேர். அதே நெறிமுறையில்தான் ரசீது கொடுக்க வேண்டும், நடுவில் ஃபீஸை ஏற்றக் கூடாது, பாதியில் நின்றால் மீதிப் பணத்தைப் பத்து நாளில் நாள் கணக்கில் திருப்ப வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. அதனால் "எழுத்தில் கொடுக்காதே" என்பது தலைகீழான யோசனை. எழுத்தில் கொடுத்தால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | காலை 9.58

சார், ரொம்ப நன்றி. அந்த அம்மாவிடம் இப்போதுதான் பேசினேன். "200தானா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஃபீஸ் பத்தாம் வகுப்புக்கு 1,200, ஒன்பதுக்கு 900, எட்டுக்கு 600. மூன்றுமே 30ஆல் வகுபடுகிறது, நாளைக்கு 40, 30, 20.

ஆனால் நோட்டைத் திறந்து "எதுவரை" என்று எழுத ஆரம்பித்ததும் ஒரு சிக்கல். ஒரு பையன் போன ஜூலையில் 4ஆம் தேதி சேர்ந்தான். அடுத்தடுத்துப் பணம் வந்த தேதிகள் 4, 7, 11, 16 என்று நகர்ந்துகொண்டே போகின்றன. நான் ஒவ்வொரு தடவையும் அவர்கள் கடைசியாகக் கட்டிய தேதியிலிருந்து ஒரு மாதம் எண்ணியிருக்கிறேன். இப்படி ஆறு பிள்ளைகள். இவர்களுக்கு எதுவரை என்று எழுதுவது?

ரகுபதி, பாலக்காடு | காலை 10.25

இது எல்லா டியூஷன் சென்டரிலும் நடக்கிறது, கவனிப்பவர்கள் குறைவு. மாதம் எட்டு நாள் தள்ளிக் கட்டி, அந்த நாளிலிருந்தே அடுத்த மாதத்தை எண்ணினால், நான்கே தடவையில் ஒரு மாத ஃபீஸ் காணாமல் போகும். யாரும் ஏமாற்றவில்லை, நோட்டு எழுதிய விதம் அப்படி. சேர்ந்த தேதி முறையை விட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே தேதி வைப்பதில் உள்ள பெரிய லாபமே இதுதான். தாமதமாகக் கட்டினாலும் ஆகஸ்ட் ஃபீஸ் ஆகஸ்ட் ஃபீஸாகவே இருக்கும்.

அந்த ஆறு பேருக்கும் பழையதைத் தோண்ட வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் ரசீது கொடுத்து ஏற்றுக்கொண்டீர்கள். கடைசி ரசீது தேதியிலிருந்து ஒரு மாதம், அதுவரை கட்டியதாக எழுதிக்கொள்ளுங்கள்.

சித்தூர் பாலன் | காலை 10.40

இதை நான் ஒத்துக்க மாட்டேன் சார். சரியாகக் கட்டினவன் முழுசாக் கட்டினான், தள்ளித் தள்ளிக் கட்டினவனுக்கு ஒரு மாசம் ஃப்ரீயா? கேட்டு வாங்கணும். முழுசு இல்லைன்னாலும் பாதியாவது.

பாதி மாசம் யோசனை தப்புன்னு புரிஞ்சுது. அதை விட்டுடறேன்.

வேலந்தாவளம் அம்மா | காலை 11.05

நான் டியூஷன் நடத்துபவள் இல்லை, பிள்ளையை அனுப்புபவள். வேறு சென்டர்தான். பெற்றோர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

5ஆம் தேதி என்று வைக்காதீர்கள் டீச்சர். நான் பொள்ளாச்சி பக்கம் கயிறு மில்லுக்குப் போகிறேன். எங்களுக்குச் சனிக்கிழமைதான் கூலி. கையில் பணம் வரும் ஒரே நாள் அதுதான். 5ஆம் தேதி என்று வைத்தால் சில மாதம் அதற்குள் சனிக்கிழமையே வராது. எங்கள் சென்டரில் இப்படித்தான் தேதி வைத்து, கடந்தால் 50 ரூபாய் என்று போட்டார்கள். ஒரு தடவை இரண்டு நாள் தள்ளிப்போனதற்கு என் மகளை எழுப்பி நிற்க வைத்துக் கேட்டார்கள். அவள் அதற்கப்புறம் ஒரு வாரம் போகவே மாட்டேன் என்றாள். பணத்தைப் பற்றி எங்களிடம் கேளுங்கள், பிள்ளையிடம் கேட்காதீர்கள்.

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம். ஜூலை ஃபீஸ் என்றால் ஜூலை முடிந்ததும் கட்டுவதுதானே? ஆகஸ்ட் 5ல் கட்டுவது ஜூலைக்கானதுதானே? எங்கள் சென்டரில் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரகுபதி, பாலக்காடு | காலை 11.30

அம்மா, நீங்கள் கேட்ட இந்தக் கேள்விதான் டீச்சரின் செய்தியில் விட்டுப்போன முக்கியமான விஷயம். "ஆகஸ்ட் ஃபீஸ்" என்று மட்டும் எழுதினால் பாதிப் பேர் வரப்போகும் மாதத்துக்கு என்றும் மீதிப் பேர் முடிந்த மாதத்துக்கு என்றும் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளை நடுவில் நின்றால் இதே சண்டை இன்னும் பெரிதாக வரும், ஒரு மாதம் முழுக்க வித்தியாசம். அதனால் மாதப் பெயருக்குப் பதிலாக "ஆகஸ்ட் 1 முதல் 31 வரை நடக்கும் வகுப்புகளுக்கு" என்று எழுதிவிடுங்கள் டீச்சர். ரசீதிலும் இதேதான்.

சனிக்கிழமை பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. காலண்டரைப் பார்த்தேன். நவம்பர் 1 ஞாயிறு. முதல் சனி 7ஆம் தேதி. 5க்குள் கட்டு என்றால் கூலிக்காரக் குடும்பம் முந்தின மாதக் கூலியிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். 10ஆம் தேதி என்று வையுங்கள். எந்த மாதமானாலும் 1 முதல் 10க்குள் ஒரு சனிக்கிழமை கட்டாயம் வரும். மாதச் சம்பளக்காரர்களுக்கும் அதற்குள் கைக்கு வந்திருக்கும்.

அபராதத்தை இப்போது எழுதாதீர்கள். புது முறை புரியாமல் தவறுபவரிடமும் வேண்டுமென்றே தவறுபவரிடமும் ஒரே 50 ரூபாய் வாங்குவது சரியில்லை. மூன்று மாதம் போகட்டும். யார் எந்தத் தேதியில் கட்டுகிறார்கள் என்று நோட்டே சொல்லும்.

மீனாட்சிபுரம் பால்காரர் | மதியம் 12.15

எல்லோருக்கும் சனிக்கிழமைக் கூலி இல்லை. எனக்கு மூணு கறவை மாடு. எங்கள் சொசைட்டியில் பத்து நாளுக்கு ஒரு தடவை பட்டுவாடா, 1 முதல் 10 வரை ஊற்றின பாலுக்கு 12, 13ஆம் தேதிதான் பணம் வரும். 10ன்னு வைத்தால் நான் எப்போதுமே தவறினவன்தான். தேதி 15 என்று வைக்கலாமே?

ரகுபதி, பாலக்காடு | மதியம் 12.50

முந்தின பட்டுவாடா மாதத் தொடக்கத்திலேயே வந்திருக்குமே ஐயா. ஆனால் அது தீவனத்துக்குப் போய்விடும் என்று சொல்வீர்கள், அதுவும் நியாயம்தான். 15 என்று வைத்தால் டீச்சர் வாடகையும் கரண்ட் பில்லும் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டிவரும். பொதுத் தேதி 10ஆகவே இருக்கட்டும். முன்கூட்டியே கேட்கும் குடும்பத்துக்கு 15 என்று தனியாக நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.

சித்தூர் பாலன் | மதியம் 1.05

ஒருத்தருக்குத் தனியா கொடுத்தா மறுநாளே பத்துப் பேர் வருவாங்க சார்.

ரகுபதி, பாலக்காடு | மதியம் 1.20

வரட்டும். வந்து கேட்டவர் 15ஆம் தேதி கட்டிவிடுகிறார், கேட்காதவர்தான் 25 வரை இழுக்கிறார். நான் பார்த்தது அப்படி.

நஸீமா | மதியம் 2.10

டீச்சர், ஃபீஸ் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், நேரம் பற்றி யாரும் பேசவில்லையே. ஒன்பதாம் வகுப்பைக் காலை 6.45க்கு வைத்திருக்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் காலை ஏழு மணிக்கு மதரஸா. எட்டரை வரை இருக்கும். 2025ல் பள்ளி நேரத்தை அரை மணி கூட்டியபோதே இந்தப் பேச்சுதான் கேரளா முழுக்க வந்தது. உங்கள் பேட்சில் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் சொல்லாமலே நின்றுவிடுவார்கள். "மதரஸா இருக்கிறது, நேரத்தை மாற்றுங்கள்" என்று நாங்கள் கேட்கத் தயங்குவோம். நீங்களே கேட்டால்தான் தெரியும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | மதியம் 2.35

நஸீமா அக்கா, ஒன்பதாம் வகுப்பில் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நான்கு வீட்டிலிருந்தும் போன் வரவில்லை. நான் சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இப்போது ஒவ்வொருவருக்கும் போன் செய்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | மாலை 4.50

பேசிவிட்டேன். மூன்று பேருக்கு மதரஸா இடிக்கிறது. ஒரு வீட்டில் செய்தியே போய்ச் சேரவில்லை. அங்கிருந்துதான் இன்னொன்று தெரிந்தது. பிராட்காஸ்ட் செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தேன். 37 குடும்பத்தில் 28க்குத்தான் டெலிவரி ஆகியிருக்கிறது. மீதி ஒன்பது பேருக்கு வரவே இல்லை.

குப்பம் தமிழன் | மாலை 5.05

அவர்கள் போனில் உங்கள் நம்பரை சேவ் செய்திருக்க மாட்டார்கள் டீச்சர். சேவ் செய்யாதவர்களுக்குப் பிராட்காஸ்ட் போகாது. எனக்கும் இப்படி ஆனது. குரூப் ஆரம்பித்து, அட்மின் மட்டும் செய்தி போடும்படி வைத்துவிடுங்கள். யார் படித்தார்கள் என்று அதிலும் பார்க்கலாம். டைம்டேபிளைப் படமாக மட்டும் போடாதீர்கள். படத்தைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள். எழுத்தாகவும் போட்டு, அதையே உங்கள் குரலில் ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்கள். தமிழ் படிக்க வராத அப்பா, போனைப் பேரனிடம் கொடுக்கும் பாட்டி, எல்லோருக்கும் அது போய்ச் சேரும்.

ரகுபதி, பாலக்காடு | மாலை 5.30

ஒன்பதாம் வகுப்பை முழுக்கக் காலைக்குத் தள்ள வேண்டுமா என்று யோசியுங்கள். சனிக்கிழமை எட்டாம் வகுப்புக்குப் பிறகு மத்தியானம் அறை சும்மாதானே இருக்கிறது? இப்போது வாரத்துக்கு நான்கு நாள் ஒரு மணி நேரம், மொத்தம் நான்கு மணி. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் எடுத்துவிட்டால் வாரத்தில் இரண்டு நாள்தான் தேவை. அந்த இரண்டு நாளுக்கு மாலையில் ஏதாவது வழி இருக்கிறதா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | மாலை 6.15

வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பழையபடி நாலு மணிக்கே விட்டுவிடுகிறார்கள் சார். வெள்ளி மட்டும் பத்தாம் வகுப்பை 4.45க்கே ஆரம்பித்தால் 6.15க்கு முடியும். அப்புறம் ஒன்பதுக்கு 6.15 முதல் 7.15 வரை எடுக்கலாம், பழைய நேரமேதான், பஸ்ஸும் கிடைக்கும். இன்னொரு மணி நேரம்தான் மிச்சம். அதை ஞாயிறு காலை வைக்க எனக்கு மனசில்லை, எனக்கும் வீடு இருக்கிறது. சனியிலேயே மூன்று மணி நேரமாக, நடுவில் கால் மணி இடைவெளி விட்டு வைத்துப் பார்க்கிறேன். பிள்ளைகள் தாங்குவார்களா என்று தெரியவில்லை. அதனால் ஓணப் பரீட்சை வரைக்கும் என்று மட்டும் சொல்லப் போகிறேன். சனிக்கிழமை பள்ளி வேலை நாளாக வந்தால் என்ன என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இரண்டு செய்தியும் எழுதிவிட்டேன். பார்த்துத் திருத்துங்கள். முதலாவது ஒன்பதாம் வகுப்பு குரூப்புக்கு:

"வணக்கம். வெள்ளிக்கிழமை அனுப்பிய நேர அறிவிப்பில் ஒன்பதாம் வகுப்புக்குக் காலையா மாலையா என்று எழுதாமல் விட்டுவிட்டேன். காலை வகுப்பு சில பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்றும் தெரிந்தது. அதனால் அந்த அறிவிப்பை விட்டுவிடுங்கள். ஒன்பதாம் வகுப்பின் புது நேரம் இது.
வெள்ளிக்கிழமை மாலை 6.15 முதல் 7.15 வரை.
சனிக்கிழமை மதியம் 1.30 முதல் 4.45 வரை, நடுவில் 15 நிமிட இடைவெளி.
மற்ற நாட்களில் வகுப்பு இல்லை. வாரத்தில் மொத்த நேரம் குறையவில்லை, முன்பு போல் நான்கு மணி நேரம்தான்.
முதல் வகுப்பு ஜூலை 17, வெள்ளிக்கிழமை. ஜூலை 12 வரை பழைய நேரமே. ஓணப் பரீட்சை முடியும் வரை இந்த நேரம். அதற்குள் மாற்ற மாட்டேன்.
சனிக்கிழமை பள்ளி இருந்தால் அந்த வகுப்பு எப்போது என்று வியாழக்கிழமையே சொல்வேன்.
பஸ், மதரஸா, வேறு எந்தக் காரணத்தாலும் வர முடியாது என்றால் ஜூலை 10க்குள் எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள்."

இரண்டாவது ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக. 18ஆம் தேதிக்காரருக்கு எழுதியது:

"வணக்கம். ஆகஸ்ட் முதல் ஃபீஸ் தேதி எல்லோருக்கும் மாதம் 10ஆம் தேதி. மாத ஃபீஸ் ஏறவில்லை, 1,200 ரூபாய்தான். உங்கள் மகன் ஃபீஸ் ஜூலை 17 வரை கட்டியிருக்கிறது. ஜூலை 18 முதல் 31 வரை 14 நாளுக்கு 560 ரூபாய், ஜூலை 18 அன்று. ஆகஸ்ட் 1 முதல் 31 வரை நடக்கும் வகுப்புகளுக்கு 1,200 ரூபாய், ஆகஸ்ட் 10, திங்கட்கிழமைக்குள். கணக்கு உங்கள் ரசீதோடு ஒத்துப்போகவில்லை என்றால் ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், சரி செய்கிறேன். 10ஆம் தேதி சிரமம் என்றால் முன்பே சொல்லுங்கள். பணம் பற்றிப் பிள்ளையிடம் கேட்க மாட்டேன்."

வேலந்தாவளம் அம்மா | மாலை 6.40

கடைசி வரி போதும் டீச்சர். என் மகளை உங்களிடம் அனுப்பலாமா என்று தோன்றுகிறது, தூரம்தான் யோசனை.

ரகுபதி, பாலக்காடு | மாலை 7.05

நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம் மட்டும். "ஃபீஸ் ஏறவில்லை" என்பதை முதல் வரிக்குக் கொண்டு போங்கள். தேதி மாறுகிறது என்று படித்ததுமே ஏறிவிட்டது என்று நினைத்து மீதியைப் படிக்காமல் போன் செய்பவர்கள் உண்டு. 18ஆம் தேதிக்காரரிடம் 560ஐ ஜூலை 18 அன்றே கேட்க வேண்டாம். ஜூலை 31க்குள் என்று விடுங்கள். கையில் பணம் வரும்போது கட்டட்டும். அண்ணன் தம்பி இரண்டு பேர் படிக்கும் வீட்டுக்கு ஒரே செய்தியாக, இருவர் கணக்கையும் கூட்டி அனுப்புங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | மாலை 7.30

மாற்றிவிட்டேன் சார். மலையாளத்தில் எழுதப் பக்கத்து வீட்டு டீச்சரைக் கேட்டிருக்கிறேன். நாளை காலை அனுப்புகிறேன். தேதி தள்ளிப்போன அந்த ஆறு பேரில் ஒரு வீட்டிலிருந்து அப்பாவே போன் செய்து, "நோட்டைப் பாருங்கள், எங்களுக்கு ஒரு மாசம் குறையும்" என்றார். மற்ற ஐந்து பேரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. இவரிடம் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சித்தூர் பாலன் | மாலை 7.42

வாங்கிக்குங்க டீச்சர். அவரே கொடுக்கிறார்.

நஸீமா | மாலை 8.05

வாங்கினால் ஐந்து பேருக்கும் அது தெரியவரும், டீச்சர். அவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்பதையும் யோசித்துவிட்டு வாங்குங்கள்.